ஒரே வீட்டுக்கு மூன்று கொட்டேஷன்

பெயிண்டிங் வேலைக்கு ஒரே ஒரு விலை சொல்லும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு முப்பத்தாறாயிரம் என்கிறோம். அவர் கையில் இருப்பது இருபத்திரண்டாயிரம். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறார். முப்பத்திரண்டு, முப்பது என்று இறங்கி, கடைசியில் யாரோ ஒருவர் இருபத்தைந்துக்கு ஒப்புக்கொள்கிறார். விலை இறங்கிவிட்டது, வேலை என்ன ஆனது? அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் வேலையும் இறங்கத்தான் போகிறது. பிரைமர் பாதிச் சுவரோடு நிற்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கலக்கும். இரண்டு கோட் என்று பேசியது ஒன்றரை கோட் ஆகும். வீட்டுக்காரருக்கு இது அடுத்த ஆண்டு சுவர் பொருக்கு விடும்போதுதான் தெரியும்.

ஆக, மூன்று தரம் என்பது நாம் புதிதாகக் கொண்டுவரும் விஷயம் இல்லை. சேலத்தில் எல்லாத் தெருவிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, மறைவாக. நான் கொட்டேஷனில் தரத்துக்கு ஒன்றாக மூன்று பத்தி போட்டு, மூன்று விலை எழுதிக் கொடுப்பது அந்த மறைவை எடுப்பதற்காகத்தான். பணம் குறைந்தால் எந்த வேலை குறையும் என்பது, வேலை தொடங்கும் முன்பே, அவர் கண்ணெதிரே தாளில் இருக்க வேண்டும்.

சாதா, மீடியம், ஃபுல் என்றுதான் நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் வாயால் சொல்வதும் அதுதான்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எதைக் குறைப்பது என்பதல்ல, எதைக் குறைக்கவே கூடாது என்பது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிறவர்கள் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைவாகவும் வாங்குவார்கள், கூடுதலாகவும் வாங்குவார்கள். எதை வாங்கினாலும் திருகு கழன்று கொலுசு தெருவில் விழக்கூடாது. பெயிண்டிங்கில் அந்தத் திருகு, பெயிண்ட் சுவரில் ஒட்டி நிற்பது. சாதா வேலையில் சுவர் மேடுபள்ளமாகத் தெரியலாம், கையால் தேய்த்துக் கழுவ முடியாமல் போகலாம். உரிந்து விழக் கூடாது. உரிந்து விழுந்தால் அது மலிவான வேலை இல்லை, முடியாத வேலை.

ஒட்டுவது பழைய சுவரைப் பொறுத்தது. அதற்கு இரண்டு சோதனைகள் போதும். உள்ளங்கையை அழுத்திச் சுவரில் தேய்க்க வேண்டும். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ. அந்த மாவின் மேல் எமல்ஷன் அடித்தால், பெயிண்ட் மாவைப் பிடித்துக்கொள்ளும், மாவு சுவரை விட்டுவிடும். முழு ஏடாக உரியும். அப்படிப்பட்ட சுவரைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, முழுவதும் பிரைமர் அடித்தாக வேண்டும். அந்த வீட்டுக்கு நான் சாதா கொடுப்பதே இல்லை. சாதாவில் முழுச் சுவர் பிரைமர் கிடையாது என்பதால், இரண்டு பத்தி மட்டும் எழுதி, மூன்றாவது ஏன் இல்லை என்று கீழே ஒரு வரி எழுதிவிடுவேன். குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் இது அடிக்கடி வரும்.

இன்னொன்று ஓதம். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பாத்ரூமை ஒட்டிய சுவர் கொப்பளித்திருந்தாலோ, ஓர் அடி சதுரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் ஷீட்டின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகும். உள்ளிருந்து வரும் ஈரத்துக்கு எந்தத் தரப் பெயிண்டும் மருந்து இல்லை. விலை உயர்ந்த பெயிண்ட்தான் இன்னும் சீக்கிரம் கொப்பளிக்கும், ஏனென்றால் அதன் படலம் நெருக்கமானது, ஈரம் வெளியேற வழி விடாது. "ஃபுல் எடுத்துக்கிறேன், ஓதம் போயிடுமில்ல?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்று நேராகச் சொல்ல வேண்டும். குழாய்க் கசிவைச் சரிசெய்வது தனி வேலை, தனி விலை, மூன்று பத்திக்கும் வெளியே.

இனி வேறுபடும் பகுதி. அம்மாப்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீடு, உட்புறம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவரும் சீலிங்கும் சேர்ந்து 2,000 சதுர அடி. பழைய எமல்ஷன், மாவு விடவில்லை, ஓதம் இல்லை. எண்களைப் புரிவதற்காக முழுதாக்கியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கூலியும் கடை விலையும் மாறினால் இவையும் மாறும்.

சாதாவில் உரிந்த இடங்களைச் சுரண்டி, விரிசலுக்கும் ஆணித் துளைக்கும் மட்டும் பட்டி வைத்துத் தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் தொட்டு, விலை குறைந்த எமல்ஷன் இரண்டு கோட் அடிப்போம். மீடியத்தில் மேடுபள்ளமான இடங்களைப் பட்டியால் அகலமாக நிரவி, எல்லாச் சுவருக்கும் பிரைமர் அடித்து, ஈரத் துணியால் துடைக்கக்கூடிய அடுத்த ரக எமல்ஷன் இரண்டு கோட் அடிப்போம். சீலிங்கை யாரும் துடைக்கப்போவதில்லை என்பதால் அதற்குச் சாதா எமல்ஷனே. ஃபுல்லில் எல்லாச் சுவருக்கும் இரண்டு கோட் பட்டி பார்த்து, முழுவதும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, நன்றாகக் கழுவக்கூடிய மேல்ரக எமல்ஷன் அடிப்போம். சாமான்களை நாங்களே நகர்த்தி மூடி, வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துக் கொடுப்போம். ஓர் ஆண்டு கழித்து வந்து, கீறல் கறை இருந்தால் டச்சப் செய்வோம்.

இந்த மூன்றிலும் பெயிண்ட் விலை வித்தியாசத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். உண்மையில் செலவைத் தூக்குவது ஆள். ஓர் ஆளின் ஒரு நாள் வேலையை நாங்கள் 'ஒரு ஆள்' என்று கணக்கிடுவோம். சாதாவுக்கு எட்டு ஆள், மீடியத்துக்குப் பதினான்கு, ஃபுல்லுக்கு இருபத்திரண்டு. இரண்டு கோட் பட்டியும் தேய்ப்பும்தான் அந்த நாட்களைத் தின்பவை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூலி என்று வைத்தால், சாதாவில் கூலி 8,000, சாமான் 7,000, ஆக 15,000. விலை 20,000 சொன்னால் ஐந்தாயிரம் நிற்கும். மீடியத்தில் கூலி 14,000, சாமான் 11,500, ஆக 25,500. விலை 36,000, நிற்பது 10,500. ஃபுல்லில் கூலி 22,000, சாமான் 21,000, ஆக 43,000.

ஃபுல்லுக்கு என்ன விலை வைப்பது? மீடியத்தைப் போல ஒன்றரை மடங்கு, 54,000 என்று வைக்கத் தோன்றும். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. பதினோராயிரம் நிற்கிறது, மூன்றிலும் அதுதான் அதிகம். இந்த இடத்தில்தான் நிறைய மேஸ்திரிகள் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நிற்கும் பணத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சாதாவில் ஆளுக்கு 625. மீடியத்தில் 750. ஃபுல்லில் 500. நமக்கு இருப்பது ஐந்தோ ஆறோ பேர் கொண்ட ஒரு குழு. ஆவணிக் கல்யாண சீசன், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், பொங்கலுக்கு முன்னால் என்று வேலை குவியும் நாட்களில் ஆள்தான் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் ஒரு ஃபுல் வேலையை எடுத்தால், அதே ஆட்களை வைத்து ஒரு மீடியமும் ஒரு சாதாவும் முடித்திருக்கலாம். அவை இரண்டும் சேர்ந்து 15,500 தந்திருக்கும். பெரிய வேலை கிடைத்த சந்தோஷத்தில் நாலாயிரத்து ஐநூறு போய்விடுகிறது.

ஃபுல்லை 60,000 வைத்தால் 17,000 நிற்கும், ஆளுக்கு ஏறத்தாழ 770. அப்போதுதான் வாடிக்கையாளர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நமக்கு ஒன்றுதான் என்ற நிலை வரும். இது வெறும் வருமானக் கணக்கு இல்லை. ஒரு தரத்தில் நமக்கு நஷ்டம் என்றால் அந்தத் தரத்தை அவர் எடுக்கும்போது நம் முகம் மாறும், வாய் வேறு ஒன்றைத் தள்ளும். மூன்றும் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு தந்தால் அவருக்கு எது சரி என்று மனதாரச் சொல்ல முடியும். அறுபதுக்கு ஆளே வரவில்லையா, விலையைக் குறைக்காமல் ஆளைக் குறைக்க வழி தேட வேண்டும். தூசியை உறிஞ்சும் தேய்ப்பு மெஷின் வாடகைக்கு எடுத்தால் உப்புத்தாள் வேலை பாதியாகும். மெஷின் வாடகையையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போடலாம்.

மூன்று விலையை அருகருகே வைத்தால் பெரும்பாலோர் நடுவில் இருப்பதை எடுப்பார்கள். இது நம் ஊர் குணம் மட்டும் இல்லை. இட்டமார் சைமன்சன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் கேமராக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சுமார் 170 டாலர், 240 டாலர் என இரண்டு கேமராக்களை மட்டும் காட்டியபோது தேர்வு சரிபாதியாகப் பிரிந்தது. 470 டாலரில் மூன்றாவது ஒன்றைச் சேர்த்ததும் நடுவில் இருந்ததை எடுத்தவர்கள் 57 சதவீதமாக ஏறினார்கள். மலிவானது 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஃபுல்லை யாரும் வாங்க முடியாத விலையில் பொம்மையாக நிறுத்தி, சாதாவை வேண்டுமென்றே கெடுத்து, எல்லோரையும் நடுவுக்குத் தள்ளலாம். நான் அதை ஏற்கவில்லை. சாதா எடுப்பவர் பெரும்பாலும் காசு இல்லாதவர், அவருக்குத்தான் மறுபடி செலவு செய்யச் சக்தி இல்லை. நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: யோசிக்க நேரமில்லாதவர் நடுவைத்தான் எடுக்கப்போகிறார் என்றால், சேலத்து வீடுகளில் முக்கால்வாசிக்கு எது போதுமோ அதுவே நடுவில் இருக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டுக்குத் துடைக்கும் எமல்ஷன் போதும். கண்ணாடி போன்ற சுவர் எல்லோருக்கும் தேவையில்லை. அதனால்தான் மீடியத்தில் பெயிண்டையும் பிரைமரையும் உயர்த்தி, பட்டியை மட்டும் அளவாக வைத்தேன்.

விலை சொல்லும் முன் நான் கேட்பது, "இந்த வீட்டுல எத்தன வருஷம் இருப்பீங்க?" வாடகைக்கு விடுபவருக்குச் சாதாவே நியாயம், ஆள் மாறும்போது எப்படியும் அடிக்க வேண்டியிருக்கும். சொந்த வீட்டில் பத்து வருஷம் இருக்கப்போகிற வயதான தம்பதிக்கு, திரும்பத் திரும்பச் சாமான் நகர்த்துவது பெரிய பாடு, அவர்களுக்கு ஃபுல்லின் விலை அந்தச் சிரமத்தைச் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

வாயால் விளக்குவதைவிடச் சுவரில் காட்டுவது நல்லது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டடிக்கு இரண்டடியாக மூன்று கட்டம் போட்டு மூன்று வேலையையும் செய்து காட்டுவேன். ஜன்னலை ஒட்டிய சுவர் ஏன் என்றால், பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில்தான் மேடுபள்ளம் தெரியும். இரவு டியூப்லைட் போட்டும் பார்க்கச் சொல்வேன். நன்றாகக் காய்ந்து இறுக எமல்ஷனுக்குப் பல நாட்கள் வேண்டும் என்பதால், ஈரத் துணிச் சோதனையை அந்தக் கட்டத்தில் செய்வதில்லை. அதற்கு ஏற்கெனவே அடித்துக் காய்ந்த பலகைகளைக் கையோடு எடுத்துப் போவேன். மஞ்சள் கறையைத் தேய்த்து எது போகிறது, எது போகவில்லை என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பேரம் அப்புறமும் வரும். ஒரு வீட்டில் அந்த அம்மா தாளை நன்றாகப் படித்துவிட்டு, "ஏந்தம்பி, மீடியத்தையே இருபத்தெட்டுக்குப் பண்ணிக் குடுங்களேன்" என்றார். "விலய அப்படியே குறைக்க முடியாதுங்கம்மா, வேலையக் குறைச்சுக்கலாம். ஹாலும் சமையலறையும் மீடியம், ரெண்டு பெட்ரூமும் சாதா. அளந்து பாத்தா இருபத்தெட்டுக்குப் பக்கத்துல வரும்" என்றேன். அவர் மகனைக் கூப்பிட்டு, "பெட்ரூம யார் வந்து பாக்கப் போறா" என்று சொல்லிச் சம்மதித்தார். அறைவாரியாகப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான தள்ளுபடி. இதைவிடப் பொடிப்பொடியாகப் பிரிக்க விடுவதில்லை. ஒரே ஹாலில் ஒரு சுவர் சாதா, இன்னொன்று ஃபுல் என்றால் மூலையில் இரண்டும் சேருமிடத்தில் வித்தியாசம் கண்ணை உறுத்தும், குழுவும் குழம்பும்.

குழு குழம்புவதுதான் இந்த முறையின் பெரிய பலவீனம். நல்ல பெயிண்டருக்குச் சாதா வீட்டிலும் கை நிற்காது. ஒரு சுவரைப் பார்த்துவிட்டு முழுக்கப் பட்டி பார்க்க ஆரம்பிப்பார். எட்டு ஆள் வேலை பன்னிரண்டு ஆகும், ஐந்தாயிரம் ஆயிரமாகும். அதைவிட மோசம், பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சாதா விலைக்கு அதையே கேட்பார். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: ஃபுல் வீட்டில் மறைவான அறையில் பட்டி ஒரு கோட்டோடு நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே வழி, அந்த வீட்டின் தரத்தை எழுதிய தாளை வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டுவது. எந்த அறைக்கு எத்தனை கோட், எந்த டப்பா என்று அதில் இருக்கும். ஒவ்வொரு கோட்டும் முடிந்ததும் மேஸ்திரி தேதி போட வேண்டும், வீட்டுக்காரரும் பார்க்கலாம். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை வீட்டிலேயே வைப்போம். இந்த அளவு வீட்டுக்கு இரண்டு கோட்டுக்கு முப்பது லிட்டர் ஓடும். இருபதோடு நின்றிருந்தால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது கோட் குறைந்துவிட்டது என்று டப்பாவை எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் தரம் மாற்றச் சொல்பவர்களுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறேன். பிரைமர் அடிக்கும் முன்பு சொன்னால் வித்தியாசத் தொகையை மட்டும் கொடுத்து மேலே போகலாம். முதல் கோட் விழுந்தபின் மீடியத்திலிருந்து ஃபுல்லுக்குப் போக வழியில்லை. அடித்ததன் மேல் மறுபடி பட்டி பார்க்க வேண்டியிருக்கும், அதற்குப் புது விலை. இதுவும் தாளிலேயே இருக்கும். அடர்ந்த நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு மாற்றினால் சாதாவின் இரண்டு கோட் மூடாது, மூன்றாவது கோட்டுக்குத் தனிக் கட்டணம் என்பதும் அப்படியே.

ஏற்காட்டில் இதே தாளைக் கொண்டுபோக முடியாது. மலையில் வெளிச்சுவர்தான் பிரச்சினை. பனியிலும் மழையிலும் வடக்குப் பக்கச் சுவரில் பாசி கறுப்பாகப் படரும், அதன்மேல் எதை அடித்தாலும் சில மாதங்களில் பாசி மறுபடி வெளியே வரும். அதனால் கழுவித் தேய்த்து, பாசிக்கும் பூஞ்சைக்குமான மருந்து அடித்துக் காயவிடுவது அங்கே எல்லாத் தரத்துக்கும் பொது. கீழே சேலத்தில் 'திருகு' எதுவோ, மேலே அது இதுதான். வெளிச்சுவருக்குச் சாதாவே எழுதுவதில்லை. உள்ளுக்கு மட்டும் மூன்று பத்தி உண்டு. பனி இறங்கினால் கோட் காயாது என்பதால் பிற்பகலோடு ரோலரைக் கழுவிவிடுவோம். கீழே எட்டு ஆள் ஆகும் வேலைக்கு அங்கே குறைந்தது பத்து ஆள் ஆகும், ஆட்கள் தங்கும் செலவும் சேரும். அந்தக் கூடுதலை மூன்று விலையிலும் பரவலாக ஒளிக்காமல், 'மலை வேலை' என்று தனி வரியாகக் காட்டிவிட்டால், சேலத்தில் இருக்கும் தம்பி வீட்டு விலையோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்குப் பதில் தாளிலேயே கிடைத்துவிடுகிறது.